முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்

சற்றுப் பருமனான ஒரு பெண் மைக்ரேன் என்று மருத்துவரிடம் போனால், தலைவலியைப் பற்றி நாலு கேள்வி கேட்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: “எடையைக் குறைங்க, தலைவலி தானா போயிடும்.” வீட்டிலும் இதே பேச்சுதான். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் முழங்கால் வலிக்கும் எடை குறைவது நல்லது. அதில் எனக்குத் தகராறு இல்லை. மைக்ரேனுக்கு அதையே மருந்தாக எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவதுதான் தவறு.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பின்னணி உண்டு. 2006இல் பிகால், லிப்டன் ஆகியோர் அமெரிக்காவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவருக்கு மைக்ரேன் இருக்கிறதா இல்லையா என்பதை எடை பெரிதாகத் தீர்மானிக்கவில்லை. ஆனால் மைக்ரேன் உள்ளவர்களுக்குள், மாதத்தில் பத்து முதல் பதினைந்து நாள் வரை தலைவலியால் அவதிப்பட்டவர்கள் சரியான எடையுள்ளோரில் 4.4 சதவீதம், மிகக் கடுமையான பருமன் உள்ளோரில் 20.7 சதவீதம். தொடர்பு இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் எது எதனால் வந்தது? வலி வந்தவர் இருட்டறையில் படுத்துக் கிடப்பார், நடை குறையும். மைக்ரேனைத் தடுக்க நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் ஃப்ளூனாரிசின், அமிட்ரிப்டிலின், வால்ப்ரோயேட் ஆகிய மூன்றுமே எடையை ஏற்றக்கூடியவை. மாத்திரையைக் கொடுத்து எடையை ஏற்றிவிட்டு, “ஏன் இப்படிப் பெருத்துவிட்டீர்கள்” என்று கேட்பதும் நடக்கிறது!

சரி, எடையைக் குறைத்தே பார்த்தால்? அதையும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் டேல் பாண்ட் குழுவினர் நடத்திய ‘வாம்’ ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. அதிக எடையும் மைக்ரேனும் உள்ள 110 பெண்கள்; மாதத்துக்கு நான்கு முதல் இருபது நாள் வரை வலி வருபவர்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் வைத்துப் படிப்படியாக எடை குறைக்கும் பயிற்சி. மறுபாதிக்கு மைக்ரேன் பற்றிய வகுப்பு மட்டும்; எடை பற்றிப் பேச்சே இல்லை. வலி வந்த நாட்களை எல்லோரும் கைப்பேசியில் குறித்து வந்தார்கள்.

பதினாறு வாரம் கழித்து எடைக் குழு சராசரியாக 3.8 கிலோ இறங்கியிருந்தது. வகுப்புக் குழு கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியிருந்தது. மைக்ரேன் நாட்களோ எடைக் குழுவில் மாதத்துக்கு மூன்று குறைந்தன, வகுப்புக் குழுவில் நான்கு. எடை ஏறியவர்களுக்கும் வலி குறைந்ததே! இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்றே ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

இந்த ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? “நான்கு கிலோ குறைத்தால் மூன்று நாள் வலி போகும்” என்று செய்தித்தாளில் கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். மைக்ரேன் ஏறி இறங்கும் நோய். வழக்கமாக மாதம் எட்டு நாள் வலி உள்ள ஒருவர், பன்னிரண்டு நாள் வந்து நொந்துபோன மாதத்தில்தான் டயட்டோ வைத்தியமோ தொடங்குவார். அடுத்த மாதங்களில் அது எட்டுக்கு இறங்குவது இயல்பு. அந்தப் புகழ் அப்போது அவர் குடித்துக்கொண்டிருந்த கொள்ளு ரசத்துக்குப் போய்ச் சேரும்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு. கடும் பருமனுக்காக இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தலைவலி நாட்கள் நன்றாகவே குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. மூன்று நான்கு கிலோவால் ஆகாதது அத்தனை கிலோவால் ஆகலாம். ஆனால் அந்த ஆய்வுகளில் பலவற்றுக்கு ஒப்பீட்டுக் குழு கிடையாது. அவற்றைக் காட்டி, 68 கிலோ உள்ளவரிடம் ஐந்து கிலோ குறைத்தால் தலைவலி போய்விடும் என்று சத்தியம் செய்ய முடியாது.

எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிடுவதால் நடக்கும் கேடு வேறு. உடனே இளைக்க வேண்டும் என்று காலைப் பலகாரத்தை விடுவார்கள். வேளை தப்பிய சாப்பாடு பலருக்கு மைக்ரேனைக் கிளப்பிவிடும் என்பது நோயாளிகளுக்கே தெரிந்த சங்கதி. வலி கூடும், கடையில் மாத்திரை வாங்குவார்கள். சாதாரண வலி மாத்திரையானாலும் மாதத்தில் பதினைந்து நாள் என்று சில மாதம் தொடர்ந்தால், அதுவே தலைவலியை அடிக்கடி வரவைத்துவிடலாம். இளைக்க விரும்புபவர் வேளை தவறாமல் சாப்பிட்டு, அளவில் கைவைத்து மெல்ல இளைக்கட்டும். தடுப்பு மருந்து வேண்டியவருக்கு எடையை ஏற்றாத மருந்தைத் தேர்ந்து அன்றைக்கே தொடங்கலாம்.

எடையை முன்னே வைத்துப் பேசியே ஆக வேண்டிய தலைவலி ஒன்று உண்டு. அது மைக்ரேன் அல்ல, ஆனால் அதைப் போலவே தோன்றும். பருமனான இளம் பெண்களுக்கு மண்டைக்குள் நீரழுத்தம் ஏறுவதால் வருவது. குனியும்போது சில நொடி பார்வை மங்கும், காதுக்குள் நாடித் துடிப்புக் கேட்கும். இதில் எடை குறைந்தால் அழுத்தம் இறங்குவது நிரூபணமாகியிருக்கிறது. கவனிக்காமல் விட்டால் பார்வை போகலாம். கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று கண் மருத்துவர் பார்த்துச் சொல்லிவிடுவார். எடையைக் குறைக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் பலர் இந்தச் சோதனைக்கு எழுதிக் கொடுப்பதில்லை.