வரன் தேடும் படம்

கும்பகோணத்தில் வசிக்கும் ஒரு தம்பதியர், சென்னையில் பணிபுரியும் தம் மகளின் ஜாதகத்துடன் முதலில் அனுப்பியது ஸ்டூடியோவில் எடுத்த படம். ஸ்டூடியோக்காரர் கணினியில் நிறத்தைச் சற்று வெளுக்க வைத்து, நெற்றியிலிருந்த சிறு தழும்பையும் அழித்துவிட்டிருந்தார். எவரும் கேளாமலே செய்த உபகாரம் அது!

ஜாதகம் பொருந்தவே, சார்ங்கபாணி கோயில் பிராகாரத்தில் இரு குடும்பத்தாரும் சந்தித்தனர். பிள்ளையின் தாயார் பெண்ணைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார், மீண்டும் பெண்ணைப் பார்த்தார். குறையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும், வீடு திரும்பியதும் அந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று தந்தையிடம் கூறிவிட்டாள் பெண்.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது அவளே எடுத்த செல்ஃபி. அதில் மூக்கு பெரிதாகவும் காதுகள் ஒடுங்கியும் தெரிந்தன. முகத்துக்கு வெகு அருகில் பிடித்த கேமரா எவரையும் அப்படித்தான் காட்டும். போதாக்குறைக்கு, பல கைபேசிகள் தாமாகவே சருமத்தை மழுக்கிவிடுகின்றன. படத்தைப் பெரிதாக்கினால் இது புலப்படும்: புடவையின் ஜரிகை இழை இழையாகத் தெரியும், புருவத்து மயிரோ மை தீட்டியது போலிருக்கும். உறவினர் திருமணத்தில் எடுத்த படமும் ஒன்று இருந்தது. அது நான்கு ஆண்டுகள் பழையது. ஓரத்தில் யாரோ ஒருவருடைய பாதித் தோள் வேறு.

விடுமுறைக்கு அவள் வந்த ஒரு காலை, ஒன்பது மணியளவில், திண்ணையில் புதிதாகப் படம் எடுத்தனர். வெயில் நேரே படாமல், வெளிச்சம் மட்டும் முகத்தில் விழுமாறு தெருவை நோக்கி அமர்ந்தாள். நடுக்கூடத்து விளக்கின் கீழ் எடுத்தால் கண்ணுக்கடியில் நிழல் விழும். தம்பி ஆறடி தள்ளி நின்று, கைபேசியை அவள் கண் மட்டத்தில் பிடித்து, இரண்டு மடங்கு நெருக்கி எடுத்தான். பருத்திப் புடவை, அன்றாடம் அணியும் மூக்குக்கண்ணாடி. கண்ணாடி பளிச்சிட்டபோது முகவாயைச் சற்றே தாழ்த்தச் சொன்னான். அத்தை ஏதோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, இருபது படங்கள் எடுத்தாயிற்று.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அத்தைக்கே வந்தது. தாய்க்கு எல்லாப் படமும் அழகு. பெண்ணுக்கோ எதுவும் பிடிக்கவில்லை. "வாசற்கதவைத் திறந்து, வாங்கோ அத்தை என்பாளே, அந்த முகம் இதுதான்" என்று ஒன்றைக் காட்டினார். தழும்பு அதில் இருந்தது. உயரம் தெரியும்படி நின்ற கோலத்தில் இன்னொன்றும் சேர்த்தனர். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறையும் என்பதால், இரண்டையும் ஆவணமாக அனுப்பினான் தம்பி.

அடுத்த வரனின் தாயார், கோயில் வாசலில் கூட்டத்துக்கு நடுவே, பெற்றோரைக் காணுமுன்பே பெண்ணை அடையாளம் கண்டு கையசைத்தார். பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.