ரூட்டர் கெட்டுப்போகவில்லை

போன மாதம் முத்தியால்பேட்டையிலிருந்து லாஸ்பேட்டைக்கு வீடு மாறினோம். இண்டர்நெட் இணைப்பையும் மாற்றித்தரச் சொல்லி கம்பெனிக்கு போன் செய்தபோது, "செய்துடலாம் சார்" என்றார்கள். குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு அந்தப் பதில் போதாது. மூன்று கேள்விகள் கேட்டேன்.

முதலாவது, புது வீட்டுத் தெருவில் உங்கள் ஃபைபர் பெட்டி இருக்கிறதா, அதில் காலி இடம் உண்டா? கேபிள் தெருவில் ஓடினாலும் பெட்டி நிரம்பியிருந்தால் இணைப்பு கிடைக்காது. ஆள் வந்து பார்த்துச் சொல்லும்வரை பழைய இணைப்பை நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, இது இடமாற்றமா, அல்லது பழையதை மூடிவிட்டுப் புது இணைப்பா? புதியது என்றால் டெபாசிட், மீதமுள்ள நாட்களுக்குக் கட்டிய பணம் இரண்டையும் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். இணைப்பின் யூசர் நேமும் பாஸ்வேர்டும் எதில் இருக்கும், ஃபைபர் வந்து சேரும் உங்கள் பெட்டியிலா, என் ரூட்டரிலா? இதற்குப் போனில் பதில் வரவில்லை. சிக்கலும் அங்கேதான் வந்தது.

பழைய வீட்டில் அவை நான் சொந்தமாக வாங்கிய ரூட்டரில் இருந்தன. புது வீட்டில் டெக்னீஷியன் வேறு பெட்டி மாட்டினார். அதில் PON விளக்கு பச்சையாக நிலைத்து நின்றது. LOS விளக்கு சிவப்பாக எரியவில்லை. அப்படியென்றால் ஃபைபர் சரி. ஆனாலும் என் ரூட்டர் வழியாக நெட் வரவில்லை. "ரூட்டர் போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார். RESET துவாரத்தில் ஊசி விடவும் பார்த்தார். நான் விடவில்லை. அதை அழுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

நடந்தது இதுதான். புதுப் பெட்டியே யூசர் நேமைப் போட்டு இணைப்பை எடுத்துவிட்டது. என் ரூட்டரும் பழைய வழக்கப்படி அதையே செய்யப் பார்த்து, பதில் கிடைக்காமல் நின்றது. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை போனில் திறந்து, WAN பக்கத்தில் PPPoE என்று இருந்ததை Dynamic IP என்று மாற்றினேன். பெட்டியின் LAN துளையிலிருந்து ரூட்டரின் WAN துளைக்கு ஒயரைச் செருகினேன். ஐந்து நிமிடத்தில் நெட் வந்தது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பழையவையே என்பதால், டிவியும் போன்களும் தாமாகவே சேர்ந்துகொண்டன.

மாற்றுவதற்கு முன் பழைய வீட்டிலேயே அந்த WAN பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். டெக்னீஷியன் கிளம்புவதற்கு முன் உங்கள் ரூட்டரில் நெட் வருவதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பழைய பெட்டி கம்பெனியுடையது என்றால், திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் விடாதீர்கள்.