அஞ்சறைப் பெட்டியும் ஆஸ்திரேலியத் தடையும்

கப்ரா வண்டினைத் தடுப்பதற்காக 2020 செப்டம்பர் 3 அன்று ஆஸ்திரேலிய வேளாண் துறை நடைமுறைப்படுத்திய ஆணை, பயணிக்குத் துணையாக வராமல் கப்பலில் தனியே செல்லும் வீட்டுச் சாமான்களில் குறிப்பிட்ட தானியங்களையும் விதைகளையும் வைப்பதை அறவே விலக்குகிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வீடு காலிசெய்து மெல்பர்னுக்கும் சிட்னிக்கும் குடிபெயரும் குடும்பங்களின் சாமான் கட்டுவோர் இதனை உணவுப்பொருள் பற்றிய விதியாக மட்டுமே படித்துள்ளனர். உண்மையில் இது பொதிப்பட்டியல், அதாவது பெட்டிவாரியாக எழுதப்படும் பேக்கிங் லிஸ்ட், பற்றிய விதியாகும்.

தடைப்பட்டியலில் அரிசி, துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, மல்லி விதை, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய் ஆகியவை இடம்பெறுகின்றன. தமிழ்ச் சமையலறையின் மளிகைச் சீட்டை முன்னால் வைத்துக்கொண்டே எழுதியது போலிருக்கிறது. பருப்பை யாரும் மூட்டையாக அனுப்புவதில்லை என்பது சரிதான். ஆனால் அஞ்சறைப் பெட்டியின் கிண்ணங்களுக்கு அடியில் தங்கிய சீரகமும், அரிசித் தூக்கின் விளிம்பு மடிப்பில் ஒட்டிய தவிடும், பாத்திரங்களைச் சுற்றிய பழைய சாக்கும் அதே ஆபத்தைச் சுமக்கின்றன. கப்ராவின் வளர்ந்த வண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டரே இருக்கும், அது பறப்பதுமில்லை. இடர் அதன் புழுப்பருவத்தில் உள்ளது. மயிரடர்ந்த அந்தப் புழு உணவின்றி இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கவல்லது, அந்நிலையில் புகையூட்டலையும் ஓரளவு தாங்கும். டப்பாவின் மடிப்பில் பழுப்பு நிறத்தில் உதிர்ந்த மயிர்த்தோல்கள் தென்பட்டால், அந்த டப்பாவைத் துடைத்துவிட்டுக் கட்டாமல் பெட்டியிலிருந்து விலக்கிவைப்பதே முறை.

ஆவடியிலிருந்து இருபதடிக் கொள்கலனில் செல்லும் ஒரு குடும்பத்தின் சமையலறைச் சாமான் பதினான்கு பெட்டிகளில் அடங்குவதாகக் கொள்வோம். வழக்கப்படி பதினான்கு வரிகளிலும் “சமையல் சாமான்” என்றே எழுதப்படும். பி534 எனும் தனிச்சாமான் அறிவிப்பில் உரிமையாளர் உண்மை கூறிக் கையொப்பமிட்டாலும், அந்தப் பதினான்கில் எது எவர்சில்வர், எது மரக்கரண்டி, எது மசாலாப் பாத்திரம் என்பதை ஆஸ்திரேலியாவிலுள்ள ஆய்வாளர் அறிய வழியில்லாததால், அத்தனையும் திறக்கப்படும். மாறாக, “பெட்டி 9: எவர்சில்வர் சம்படம் 12, காலி, கழுவி வெயிலில் உலர்த்தியது” என்றும், “பெட்டி 10: வெட் கிரைண்டர் 1, கல் தனியே, துலக்கியது” என்றும் எழுதினால், ஆய்வு மரமும் நாரும் உள்ள ஓரிரு பெட்டிகளோடு நின்றுவிட வாய்ப்புண்டு. பயன்படுத்திய காலத்தையும் பட்டியல் காட்ட வேண்டும். உரிமையாளர் பன்னிரண்டு மாதங்கள் வைத்திருந்து பயன்படுத்திய பொருளுக்கே தீர்வை விலக்கு என்பதால், புறப்படும் வாரத்தில் வாங்கிய மிக்ஸி பழைய மிக்ஸியோடு ஒரே வரியில் சேரக்கூடாது.

பெட்டியில் பூச்சி கண்டால் செலவு யாருடையது என்பதில்தான் “டோர் டு டோர்” என்ற சொல் பொய்யாகிறது. வாசலிலிருந்து வாசல்வரை என்று விலை கூறப்பட்டாலும், தாவரத் தனிமைப்படுத்தல் ஆய்வும் புகையூட்டலும் அக்காலத்துக் கிடங்கு வாடகையும் அந்த விலைக்குள் அடங்கா என்பது பெரும்பாலான ஒப்பந்தங்களின் சிறு எழுத்தில் உள்ளது. மெத்தில் புரோமைடு புகை கம்பளியிலும் தோலிலும் நுரை ரப்பரிலும் உள்ள கந்தகத்தோடு வினைபுரிந்து நீங்காத நாற்றத்தை உண்டாக்கக்கூடும்; அந்த இழப்பையும் குடும்பமே ஏற்கிறது. பல குடும்பங்களின் சாமான் சேர்ந்து செல்லும் பங்குக் கொள்கலனில், ஒரு வீட்டின் அஞ்சறைப் பெட்டிக்காக மற்ற வீடுகளின் கட்டில்களும் காத்திருக்க நேரும்.

இவ்விதழ் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று இங்கே மீண்டும் எழுகிறது. சுங்க முகவர் 2018ஆம் ஆண்டின் உரிம ஒழுங்குமுறைக்கு உட்பட்டுத் தேர்வெழுதி உரிமம் பெறுகிறார். ஆனால் அவர் தாக்கல் செய்யும் பட்டியலை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உண்மையில் எழுதும் கட்டுநருக்கு உரிமமும் இல்லை, பயிற்சியும் இல்லை, அவர் கையொப்பத்தைக் கேட்பாரும் இல்லை. தட்டச்சு செய்பவரைத் தேர்வு வைத்துப் பார்க்கும் அரசு, செய்தி தருபவரைக் கண்டுகொள்வதில்லை. சிட்னியில் ஒரு பெட்டி நிறுத்தப்பட்டால் கடிதம் முகவருக்கு வருகிறது, அபராதக் கவலை குடும்பத்துக்குச் செல்கிறது, “சமையல் சாமான்” என்று எழுதிய கை அன்றே அடுத்த தெருவில் அடுத்த வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அதிகாரிகள் இதனைத் தனியார் இருவரின் ஒப்பந்தம் என்று ஒதுக்குவது வசதியான பதில்; காலிக் கொள்கலனின் தரைப்பலகை இடுக்கில் முந்தைய சரக்கின் அரிசி கிடந்தால் அதுவும் இருவர் ஒப்பந்தமா என்று அவர்கள் கூற வேண்டும். ஏனெனில் ஆஸ்திரேலியாவில் கப்ரா கண்டறியப்பட்ட நிகழ்வுகளுள் சில, குளிர்பதனப் பெட்டிகள் போன்ற தானியத்தோடு தொடர்பே இல்லாத சரக்குகளில் நேர்ந்தவை.

கட்டுநருக்கும் ஓர் உரிம விதி வரும்வரை, கட்டும் நிறுவனங்கள் பட்டியலின் ஒவ்வொரு தாளிலும் கட்டியவர் பெயரையும், சமையலறைப் பெட்டிகளை மூடுமுன் டார்ச் விளக்கொளியில் பார்த்த நாளையும் எழுதச் செய்யலாம். உரிமையாளர் தாமே கட்டிய பெட்டிகளை அவ்வாறே குறித்து, திறந்து பார்த்தபின் மட்டும் ஏற்கலாம். சாக்குப்பைகளை வீட்டிலேயே விட்டுச் செல்லும்படி முதல் சந்திப்பிலேயே கூறிவிட வேண்டும்.