ஒரே மெசேஜுக்கு இரண்டு ‘டிங்’: வாட்ஸ்அப் ஏன் இப்படிச் செய்கிறது?

ஏலாக்குறிச்சியில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். மேஜையில் லேப்டாப், பக்கத்தில் போன். தஞ்சாவூரில் இருக்கும் அக்கா, “அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா?” என்று கேட்டால், முதலில் லேப்டாப்பில் ‘டிங்’, அடுத்த நொடி அதே லேப்டாப்பில் இன்னொரு ‘டிங்’, கொஞ்சம் கழித்து போனில் ஒன்று. அக்கா கேட்டது ஒரு தடவைதான். எனக்கு என்னவோ மூன்று தடவை திட்டு வாங்கியது போலிருக்கும்.

இதைச் சொன்னால் பலரும் “ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடு” என்பார்கள். தேவையே இல்லை. என் கட்சி இதுதான்: இரண்டு முறை அடிப்பது பெரும்பாலும் கோளாறு இல்லை, நல்லதொரு மாற்றத்துக்கு நாம் கொடுக்கும் சின்ன விலை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

2015 ஜனவரியில் வாட்ஸ்அப் வெப் வந்தபோது, லேப்டாப் வெறும் கண்ணாடிதான். மெசேஜ் எல்லாம் போனுக்குத்தான் வரும், லேப்டாப் அதை எட்டிப் பார்க்கும். போனில் சார்ஜ் போனாலோ நெட் போனாலோ லேப்டாப்பும் ஊமையாகிவிடும். ‘போனை இணையத்தில் இணைக்கவும்’ என்று மஞ்சள் பட்டை வந்து நின்றது பலருக்கும் நினைவிருக்கும். 2021 ஜூலையில் இந்த அமைப்பை மாற்றுவதாக வாட்ஸ்அப் அறிவித்து, சோதனை முறையில் கொடுக்கத் தொடங்கியது. போன் தவிர இன்னும் நான்கு கருவிகளை இணைக்கலாம், போன் அணைந்திருந்தாலும் அவை தாமாகவே வேலை செய்யும். 2023 ஏப்ரலில் இரண்டாவது போனையும் அப்படி இணைக்கும் வசதி வந்தது.

இந்த மாற்றத்தில்தான் ‘டிங்’ விஷயம் ஒளிந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் சாவி. என் போனுக்கு ஒன்று, லேப்டாப்பில் உள்ள வாட்ஸ்அப் ஆப்புக்கு ஒன்று, அதே லேப்டாப்பில் குரோமில் திறந்திருக்கும் web.whatsapp.com பக்கத்துக்கு இன்னொன்று. லேப்டாப் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். வாட்ஸ்அப் கணக்கில் அவை இரண்டு கருவிகள்.

எங்கள் ஊர் அடைக்கல மாதா கோயில் மணி ஒரு தடவை அடித்தால் ஊரே கேட்கும். மெசேஜ் அப்படிப் போவதில்லை. தபால்காரர் வீட்டுக்கு வீடு தனி உறை கொடுப்பது போலப் போகிறது. அக்கா அனுப்பு பொத்தானைத் தட்டியதும் அவள் போன், என் கணக்கில் எத்தனை கருவிகள் உள்ளன என்ற பட்டியலை சர்வரிடமிருந்து வாங்கி வைத்திருக்கும். எனக்கு மூன்று: போன், ஆப், குரோம். ஆகவே ஒரே வரியை மூன்று சாவிகளால் மூன்று உறைகளாகப் பூட்டும். அக்காவும் ஆபீஸ் லேப்டாப்பில் வாட்ஸ்அப் வைத்திருக்கிறாள். ‘நான் இதை அனுப்பினேன்’ என்று அங்கேயும் தெரிய வேண்டுமே, அதற்கு நான்காவது உறை. ஒரு வரிக் கேள்விக்கு நான்கு உறைகள்!

நான் லேப்டாப் ஆப்பிலிருந்து “வாங்கியாச்சு” என்று பதில் போட்டால் கணக்கு திரும்புகிறது. அக்காவின் இரண்டு கருவிகளுக்கு இரண்டு, என் போனுக்கு ஒன்று, என் குரோமுக்கு ஒன்று. போனில் தட்டச்சு செய்யாத பதில் போனிலும் இருப்பது இப்படித்தான். லேப்டாப்பைப் பார்த்து போன் ‘காப்பி’ அடிக்கவில்லை, அதற்கும் தனியாக ஒரு உறை வந்திருக்கிறது. (படம், வீடியோ என்றால் முழுப் படத்தையும் நான்கு தடவை அனுப்புவதில்லை. பூட்டிய படம் ஒரு தடவை மேலே ஏறும், அதைத் திறக்கும் சாவி மட்டும் ஒவ்வொரு உறையிலும் போகும்.)

சர்வர் ஏன் ஒரே உறையை வாங்கி நகலெடுத்துக் கொடுக்கக் கூடாது? கொடுக்கலாம், ஆனால் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பொதுச்சாவி வேண்டும். ஒரு கருவியிலிருந்து அது திருடு போனால் எல்லாம் போச்சு. தனிச்சாவி முறையில் ஒரு லேப்டாப்பை வெட்டிவிட்டால், அடுத்த மெசேஜிலிருந்து அதற்கு உறையே கிடையாது. இரண்டு ‘டிங்’ எனக்குப் பரவாயில்லை என்று சொல்வது இதனால்தான்.

சரி, இனி நோட்டிஃபிகேஷன். உறை எந்தக் கருவிக்கு வருகிறதோ, அந்தக் கருவியே பிரித்துப் பார்த்து மணி அடிக்கிறது. “போனில் ஏற்கெனவே அடிச்சாச்சா?” என்று லேப்டாப் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு நின்றால், போன் அணைந்திருக்கும் நேரத்தில் யாருமே அடிக்காமல் போய்விடும். ஆகவே போனில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று என்றால் அது இயல்பு.

ஒரே லேப்டாப்பில் இரண்டு வந்தால்தான் கொஞ்சம் துப்பறிய வேண்டும். விண்டோஸில் மூலையில் எட்டிப் பார்க்கும் பெட்டியின் மேல்வரியில், எந்த ஆப் அதை அனுப்பியது என்று பெயர் இருக்கும். ஒன்றில் WhatsApp, மற்றொன்றில் Google Chrome என்றிருந்தால் என்னைப் போல ஆப்பும் வெப்பும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றை லாக்அவுட் செய்தால் போதும். Phone Link என்றிருந்தால் விஷயம் வேறு. அது போனில் அடித்த மணியை லேப்டாப்புக்கு எதிரொலிக்கும் விண்டோஸ் வசதி, வாட்ஸ்அப்புக்கு அதில் பங்கில்லை. அந்த ஆப்பின் செட்டிங்ஸில் வாட்ஸ்அப்பை மட்டும் நிறுத்திவிடலாம்.

இன்னொரு தொல்லை உண்டு. மாலை ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு, ராத்திரி முழுக்க போனிலேயே பேசி முடித்திருப்போம். காலையில் லேப்டாப்பைத் திறந்ததும், நேற்றுப் படித்த மெசேஜெல்லாம் படபடவென்று மறுபடி வரும். லேப்டாப் தூங்கியபோது அதற்கான உறைகள் சர்வரில் வரிசையில் காத்திருந்தன. ‘இதைப் படித்தாயிற்று’ என்று போன் அனுப்பிய தகவலும் அதே வரிசையில்தான், ஆனால் மெசேஜுக்குப் பின்னால். லேப்டாப் விழித்ததும் முன்னால் இருப்பதை முதலில் பிரிக்கிறது, மணி அடிக்கிறது, பிறகுதான் படித்த சேதி தெரிந்து எண்ணிக்கையை அழிக்கிறது. அரை நிமிடம் விட்டுவிடுங்கள், அதுவே அடங்கிவிடும்.

அந்த ‘படித்தாயிற்று’ தகவல்தான் எனக்கு முக்கியம். ஒரு கருவியில் சாட்டைத் திறந்தால் மற்றக் கருவிகளில் நோட்டிஃபிகேஷன் மறையும். நீங்கள் திறந்தால் நல்லது. நீங்கள் திறக்காமலே மறைந்தால்?

போன மாதம் சித்தப்பாவுக்கு இதுதான் நடந்தது. மெசேஜ் வந்த சத்தம் கேட்கும், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்ப்பதற்குள் ஒன்றும் இருக்காது. “போன் பழசாயிடுச்சுப்பா” என்றார். வாங்கி, வாட்ஸ்அப்பின் மூன்று புள்ளியைத் தட்டி Linked devices திறந்தேன். அவர் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. பட்டியலில் மட்டும் Google Chrome, Windows என்று ஒரு வரி இருந்தது. கேட்டபோது யோசித்துச் சொன்னார்: பட்டா நகல் பிரிண்ட் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனாராம். கடைப் பையன் “போனைக் காட்டுங்க ஐயா” என்று க்யூஆர் ஸ்கேன் செய்ய வைத்து, பிடிஎஃப்பை இறக்கி, பிரிண்ட் போட்டுக் கொடுத்தானாம். இரண்டு பேரும் லாக்அவுட்டை மறந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து சித்தப்பாவுக்கு வரும் ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு உறை ஒழுங்காக அந்தக் கடைக்கும் போயிருக்கிறது. இணைத்த அன்றே, சமீபத்திய பழைய சாட்களும் ஒரு கட்டாக அங்கே இறங்கியிருக்கும், புதுக் கருவியை இணைக்கும்போது போன் அதைச் செய்யும். யாரோ வேண்டுமென்றே வேவு பார்த்தார்கள் என்று நான் சொல்லவில்லை. திறந்திருந்த பக்கத்தில் அடுத்தவர் கை பட்டாலே போதும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். “14 நாள்ல அதுவே லாக்அவுட் ஆயிடும்” என்பார்கள். அந்த 14 நாள், உங்கள் போனில் வாட்ஸ்அப்பைத் திறக்காமலே விட்டால்தான். தினமும் போன் பார்க்கிற மனிதருக்கு அந்தக் கணக்கு ஓடவே ஓடாது. இன்னொன்று, வேற்றுக் கருவி இணைந்திருந்தால் உங்கள் போனில் இரண்டு ‘டிங்’ வராது. கூடுதல் மணி அந்தக் கடையில்தான் அடிக்கும். அங்கே சாட்டைத் திறக்காமல் விட்டால் உங்களுக்கு எந்த அறிகுறியுமே தெரியாது. இன்னும் விசித்திரம்: உங்கள் போன் அணைந்திருந்தாலும், இணைந்த ஏதாவது ஒரு கருவிக்கு உறை சேர்ந்துவிட்டால் அனுப்பியவருக்கு இரண்டு டிக் காட்டும். “போன் ஆஃப்ல இருந்துச்சு” என்று சித்தப்பா சொன்னால் சித்தி நம்புவாரா?

திருடர்களுக்கும் இந்த வழி தெரியும். 2025 டிசம்பரில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், ‘கோஸ்ட்பேரிங்’ என்ற மோசடி பற்றி எச்சரித்தது. “உங்க போட்டோ இதுல இருக்கு பாருங்க” என்று தெரிந்தவர் பெயரில் லிங்க் வரும். தட்டினால் போன் நம்பர் கேட்கும், பிறகு ஒரு குறியீட்டை வாட்ஸ்அப்பில் போடச் சொல்லும். அது, கருவி இணைப்புக்கு வாட்ஸ்அப் தரும் எட்டெழுத்துக் குறியீடு. போட்டால் திருடனின் பிரவுசர் உங்கள் கணக்கில் இன்னொரு கருவி. ஓடிபியும் தேவையில்லை, சிம்மும் தேவையில்லை.

2025 நவம்பர் 28 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை இட்ட உத்தரவில், இத்தகைய ஆப்களின் வெப் இணைப்பு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது லாக்அவுட் ஆக வேண்டும் என்றிருந்தது. ஜெராக்ஸ் கடைக் கணினிக்கு இது அருமருந்து, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் பூட்டி வைத்திருக்கும் என் லேப்டாப்புக்கும் அதே மருந்தா? ஒவ்வொரு தடவை இணைக்கும்போதும் புதுச்சாவி, பழைய சாட் கட்டு மறுபடி இறக்கம். அதைவிட, தினமும் இரண்டு தடவை க்யூஆர் ஸ்கேன் செய்து கை பழகிவிட்டால், யார் நீட்டினாலும் யோசிக்காமல் ஸ்கேன் செய்வோம். இணைக்கும்போதே ‘இந்தக் கருவி எவ்வளவு நேரத்துக்கு?’ என்று ஆப் கேட்கட்டும். ஒரு மணி நேரம் என்று சித்தப்பா தேர்ந்தெடுத்தால் கடையோடு கதை முடிந்திருக்கும். ஆப்பில் சேர்க்கச் சின்ன வசதிதான், ஏன் செய்யவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

அந்தக் கடை வரியைத் தட்டி Log out கொடுத்தேன். சித்தப்பாவின் நோட்டிஃபிகேஷன் இப்போது மறைவதில்லை. பிரிண்ட் வேண்டுமென்றால் ஃபைலை கடையின் மெயிலுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். “அதெல்லாம் யாருப்பா தேடுறது, நீயே எடுத்துக் கொடு” என்கிறார். பிரிண்டர் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.