அந்த வாஷ்பேசின் வீடியோவை இனி யாரும் அனுப்பாதீர்கள்



நம் குடும்பக் குழுவில் அந்த வீடியோ மூன்றாவது முறையாக வந்துவிட்டது. கென்யாவில் நான்யுகி என்ற ஊரில், நிலநடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் சில அடி தள்ளி நின்று ஒருவர் பாத்திரத் தண்ணீரை வடிக்கிறார். ஒரு திசையில் சுழல்கிறது. கோட்டைத் தாண்டிப் போய் வடிக்கிறார், எதிர்த்திசையில் சுழல்கிறது. "புயலும் இப்படித்தான்" என்று கீழே ஒரு வரி. என்னிடம் படித்தவர்களே அதற்குக் கைதட்டியிருக்கிறீர்கள்!

அது வித்தை. தண்ணீர் ஊற்றும்போதும் பாத்திரத்தைத் திருப்பும்போதும் அவர் கை கொடுத்த சுழற்சி. பூமி ஒரு நிமிடத்தில் திரும்புவது கால் பாகைதான். அதற்குள் வடிந்துபோகும் தண்ணீருக்கு அது உறைக்கவே உறைக்காது. 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஷாபிரோ என்ற பேராசிரியர் 6 அடித் தொட்டியில் தண்ணீரை 24 மணி நேரம் அசையாமல் வைத்து, சிறு துளையால் மெல்ல வடித்த பிறகே பூமியின் சுழற்சியைத் தண்ணீரில் காண முடிந்தது. புயலோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள்கணக்கில் நிற்பது.

2022 மே மாதம் வங்கக் கடலில் அசானி, அதே நேரத்தில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கரீம். செயற்கைக்கோள் படத்தில் இரண்டும் எதிரெதிராகச் சுழன்றன. அசானியை எடுத்துக்கொள்வோம். நடுவில் காற்றழுத்தம் குறைவு. நாலா பக்கமிருந்தும் காற்று ஓடி வருகிறது. தெற்கிலிருந்து வரும் காற்று, தரை வேகமாகச் சுழலும் நிலநடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து வருகிறது. அந்தக் கிழக்கு நோக்கிய வேகத்தோடே வருவதால் கிழக்கே முந்திப் போகிறது. வடக்கிலிருந்து இறங்குவது பின்தங்கி மேற்கே விலகுகிறது. இரண்டுக்கும் அது வலக்கைப் பக்கம்.

"வலப்பக்கம் திரும்பினால் கடிகார முள் திசையில்தானே சுழல வேண்டும், சார்?" என்று வகுப்பில் கேட்டவர்கள் உண்டு. நல்ல கேள்வி. "வடக்கே வலம், தெற்கே இடம்" என்று மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யவைப்பவர்கள் இதற்குப் பதிலே சொல்வதில்லை. ஒரு தாளில் வரைந்து பாருங்கள். வலப்பக்கம் விலகிய காற்று மையத்தைத் தவறவிடுகிறது. வடக்கே போகும் காற்று மையத்துக்குக் கிழக்கே கடக்கிறது. தெற்கே வருவது மேற்கே கடக்கிறது. கிழக்கில் மேலே, மேற்கில் கீழே என்றால் சுழற்சி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. கரீமில் துருவம் நோக்கிப் போகும் காற்றும் கிழக்கேதான் முந்தும். ஆனால் அது தெற்கு பார்த்துப் போவதால் கிழக்கு அதற்கு இடப்பக்கம். எல்லாம் தலைகீழ்.

இப்போது அந்தக் கென்யா ஆளிடம் வருவோம். தரை, நிலநடுக்கோட்டில் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. அங்கிருந்து ஒரு பாகை, அதாவது 111 கிலோமீட்டர், தள்ளிப் போனாலும் அந்த வேகம் கால் கிலோமீட்டர் அளவுதான் குறையும். 15 பாகையிலிருந்து 16க்குப் போனால் கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் குறையும். அதனால்தான் நிலநடுக்கோட்டை ஒட்டி 5 பாகைக்குள் புயல்கூடப் பெரும்பாலும் உருவாவதில்லை. புயலுக்கே திசை காட்ட முடியாத இடத்தில், சில அடி நடந்துபோய்ப் பாத்திரத் தண்ணீரைத் திருப்பிக் காட்டுகிறாராம்!