கடைசி வரியில் புதைத்த விலை

“தவிர்க்க முடியாத காரணங்களினால்” என்று தொடங்கும் விலையேற்றக் கடிதங்களை நான் நம்புவதில்லை. 2022இல் ரூபாய் வீழ்ந்தபோது, எங்கள் வீட்டுக்குப் பாண் தரும் வெதுப்பகத்திலிருந்து அப்படியொன்று வந்தது. அரைப்பக்கம் நன்றியும் வாழ்த்தும். புதிய விலையோ கடைசி வரியில். மறுவாரம் பாணை நிறுத்துப் பார்த்தேன். 450 கிராம் இருக்கவேண்டிய இறாத்தலில் 400கூட இல்லை.

வாடிக்கையாளரை விரட்டுவது விலையன்று. ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணமே. அக்கடிதத்தின் முதல் வரியிலேயே பழைய விலை, புதிய விலை, அது நடைமுறைக்கு வரும் நாள் ஆகிய மூன்றும் இருந்திருக்க வேண்டும். அடுத்து, மாவின் விலை எவ்வளவு ஏறியது என்ற ஒரே காரணம் போதும். பின்னர், நிறை குறையாது என்ற உறுதி. மாதப்பணம் முன்கூட்டியே கட்டியவர்களுக்கு அம்மாத முடிவுவரை பழைய விலையே என்றும் சொல்லியிருக்கலாம். சில நாள் இலாபம் குறையும். பல்லாண்டு வாடிக்கை நிலைக்கும்.

“மா விலை இறங்கினால் நாமும் இறக்குவோம்” என்பதை, இறக்கும் எண்ணமுள்ளவர் மட்டுமே எழுதட்டும். மற்றவருக்கு மௌனமே மரியாதை.

தலைப்பு எழுதிப் பிழைத்தவன் நான். செய்தியைக் கடைசி வரியில் புதைப்பவன் வாசகனை மூடனென்று எண்ணுகிறான். வாசகனோ கடைசி வரியிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறான்.