மிச்சம் நல்லதா?

மாதக் கடைசியில் வீட்டுக் கணக்கில் நாலு வெள்ளி மிஞ்சினால் மனம் குளிரும். மாநில அரசின் கணக்கில் மிச்சம் என்று வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். வானொலியில் பட்ஜெட் செய்தி வாசித்து வாசித்து வந்த பழக்கம் இது.

அலோர்ஸ்டாரில் கெடா சட்டமன்றம் கூடி, ஒவ்வொரு துறைக்கும் இவ்வளவு என்று பணம் ஒதுக்குகிறது. ஆண்டு முடிந்ததும் ஒதுக்கிய தொகையையும் செலவான தொகையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதுதான் ஒதுக்கீட்டுத் தணிக்கை. அதிகமாகச் செலவழித்தாலும் கேள்வி, மீதம் வைத்தாலும் கேள்வி.

முதலில் அதிகச் செலவு. சட்டமன்றம் 10 வெள்ளி கொடுத்தால் 11 வெள்ளி செலவழிக்கத் துறைக்கு உரிமை இல்லை. மீறிவிட்டால் அந்தக் கணக்கு மீண்டும் சட்டமன்றத்துக்கு வர வேண்டும். நம் கூட்டரசு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. இந்தியாவில் அதே விதி 205-வது பிரிவில் இருக்கிறது.

வராமல் போனால் என்ன ஆகும்? பீகாரைப் பாருங்கள். அங்கே கால்நடைத் துறை ஆண்டுக்காண்டு ஒதுக்கீட்டைத் தாண்டிச் செலவழித்தது. யாரும் தடுக்கவில்லை. 1996 ஜனவரியில் சாய்பாசாவில் சோதனை நடந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வாங்காத தீவனத்துக்குப் போலி பில் போட்டிருந்தார்கள். அந்த ஊர்க் கருவூலத்தில் மட்டும் 37 கோடியே 70 லட்சம் ரூபாய் போயிருந்தது. அந்த வழக்கில் 2013-ல் முன்னாள் முதலமைச்சர் லாலு பிரசாத் யாதவுக்கு ஐந்தாண்டுச் சிறை. திருட்டு ரகசியமாக நடந்திருக்கலாம். அதிகச் செலவோ கணக்கிலேயே தெரிந்தது.

இனி மீதம். எளிதாகப் புரிய ஒரு கற்பனைக் கணக்கு. தோட்டப்புறச் சாலைகளுக்கு 10 லட்சம் வெள்ளி ஒதுக்கினார்கள். போதாது என்று செப்டம்பரில் துறை மேலும் 2 லட்சம் கேட்டு வாங்கியது. ஆண்டு முடிவில் செலவு 9 லட்சம். முதலில் கொடுத்த பணமே தீராதபோது கூடுதல் எதற்கு? தணிக்கையாளர் முதலில் கேட்பது இதைத்தான்.

அடுத்த கேள்வி, மிஞ்சிய 3 லட்சத்தை எப்போது திருப்பிக் கொடுத்தார்கள்? அக்டோபரில் ஒப்படைத்திருந்தால், கூலிமில் பாதியில் நிற்கும் ஒரு கால்வாய்க்கு அதை மாற்றியிருக்கலாம். டிசம்பர் 30-ல் ஒப்படைத்தால் டெண்டர் விட நாள் ஏது? 31-ஆம் தேதியோடு அந்த ஒதுக்கீடு காலாவதி. பணம் கஜானாவில் பத்திரமாக இருக்கும். சாலையும் இல்லை, கால்வாயும் இல்லை.

எல்லா மிச்சமும் குற்றமில்லை. டெண்டர் விலை குறைந்து வேலை முழுதாக முடிந்திருந்தால் அது உண்மையான சேமிப்பு. வேலையே தொடங்காததால் மிஞ்சியதும் அதே பத்தியில்தான் 'மீதம்' என்று வரும். எண் வித்தியாசம் காட்டாது.

அதனால் உங்கள் பகுதிச் சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்தால், எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். எவ்வளவு திரும்பிப் போனது, எந்த மாதத்தில் போனது என்றும் கேளுங்கள்.